பூவா தலையாவில் பிறக்கும் பகடை

பகடையின் ஆறு முகங்களுக்கும் வாய்ப்பு சமம், ஒவ்வொன்றுக்கும் 1/6. நாணயத்தைச் சுண்டினால் பூ விழவும் தலை விழவும் 1/2 வாய்ப்பு. பகடை கையில் இல்லாதபோது நாணயத்தைக் கொண்டே 1 முதல் 6 வரை ஓர் எண்ணை நேர்மையாகத் தேர்வது எப்படி, அதற்குச் சராசரியாக எத்தனை முறை சுண்ட வேண்டும் என்பதே இந்தப் புதிர்.

இதை ரசிக்க முதலில் பார்க்க வேண்டியது தடை எங்கே இருக்கிறது என்பதை. மூன்று முறை சுண்டினால் 8 வரிசைகள், நான்கு முறை சுண்டினால் 16, ஐந்து முறை சுண்டினால் 32. இவை எதையும் மூன்றால் மீதியின்றி வகுக்க முடியாது. எனவே ஆறு சம பங்காகவும் பிரிக்க முடியாது. 'இத்தனை முறைக்குள் கட்டாயம் முடியும்' என்று உறுதி தரும் நேர்மையான முறை ஒன்று இருக்கவே முடியாது.

ஐந்து முறை சுண்டி, விழுந்த தலைகளை எண்ணினால் 0 முதல் 5 வரை ஆறு விடைகள் கிடைக்குமே என்று தோன்றலாம். ஆனால் தலையே விழாத வரிசை 32-இல் ஒன்றுதான். இரண்டு தலை விழும் வரிசைகளோ பத்து. விடைகள் ஆறாக இருந்தாலும் அவற்றின் வாய்ப்பு சமமாக இல்லை.

சரியான வழி, மிஞ்சுவதைத் தள்ளிவிடுவது. மூன்று சுண்டலின் எட்டு வரிசைகளில் ஆறுக்கு இப்படி எண் தரலாம்:

பூ பூ பூ – 1
பூ பூ தலை – 2
பூ தலை பூ – 3
பூ தலை தலை – 4
தலை பூ பூ – 5
தலை பூ தலை – 6

தலை தலை என்று தொடங்கும் மற்ற இரண்டும் செல்லாது. அவை விழுந்தால் புதிதாகத் தொடங்க வேண்டும். ஒரு சுற்று வெற்றி பெற 6/8 வாய்ப்பு இருப்பதால் சராசரியாக 4/3 சுற்று தேவை. சுற்றுக்கு மூன்று சுண்டல் என்றால் மொத்தம் 4.

இதிலும் சிக்கனத்துக்கு இடமுண்டு. முதல் இரண்டும் தலையானால் அந்தச் சுற்று தோற்றது அப்போதே தெரிந்துவிடும். மூன்றாவது சுண்டல் வீண். தலை, தலை, பூ, தலை, தலை என்று விழுந்தால் முதல் இரண்டைத் தள்ளி, ஐந்தாவது சுண்டலிலேயே 4 என்ற விடை கிடைக்கிறது. சராசரியை E என்று கொண்டால், இரண்டு சுண்டல் எப்போதும் தேவை. 3/4 வாய்ப்பில் இன்னும் ஒன்று. 1/4 வாய்ப்பில் மறுபடி முதலிலிருந்து.

E = 2 + 3/4 + E/4

இதிலிருந்து E = 11/3, அதாவது ஏறத்தாழ 3.67. ஐந்து சுற்றும் தொடர்ந்து தோற்க 1024-இல் ஒரு வாய்ப்பே உண்டு.

இதைவிடக் குறைக்க முடியாது என்பது டொனால்ட் நூத், ஆண்ட்ரூ யாவ் இருவரும் 1976-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து கிடைக்கும் முடிவு. அதற்கான காரணம் மேலே உள்ள முறையிலேயே தெரிகிறது. ஒவ்வொரு முகமும் மூன்றாவது சுண்டலில் 1/8, ஐந்தாவதில் 1/32, ஏழாவதில் 1/128 என்று வாய்ப்பைச் சேர்த்துக்கொண்டே போகிறது. 1/6-ஐ இரும எண்ணாக எழுதினாலும் வருவது இதே கூட்டல்தான்:

1/6 = 1/8 + 1/32 + 1/128 + …

நாணயம் தரக்கூடிய துண்டுகள் இரண்டின் அடுக்குகளால் ஆனவை மட்டுமே. அவற்றில் எதையும் இரண்டாக உடைக்காமல் முழுதாகவே எடுத்துக்கொள்வதால், இந்த முறையில் ஒரு சுண்டல்கூட வீணாவதில்லை.