கோடியைக் கோடியால் வகுத்தால்...

கோடி! சொல்லும்போதே வாய் இனிக்கிறது. கேட்கும்போதே செவி குளிர்கிறது. சிந்தை மட்டும் உறங்கிவிடுகிறது. "உனக்குக் கோடிப் புண்ணியம்" என்கிறாள் பாட்டி. "இலட்சம் முறை சொல்லிவிட்டேன்" என்று சலித்துக்கொள்கிறார் தந்தை. எவரும் எண்ணிச் சொன்னதில்லை. எண்ணிக் காட்டு என்று எவரும் கேட்டதுமில்லை. அன்பிலும் சலிப்பிலும் அது குற்றமன்று. அதே வாய், அதே மயக்கத்தோடு, பணத்தைப் பற்றிப் பேசப் புகும்போதுதான் கேடு பிறக்கிறது. எண்ணாக நிற்கவேண்டிய சொல், அங்கே வெறும் அணியாகிவிடுகிறது.

கற்றோரும் இதற்கு விலக்கல்லர் என்பதற்குக் கடல் கடந்த சான்றொன்று உண்டு. 2020 மார்ச் 5 இரவு, எம்.எஸ்.என்.பி.சி. என்ற அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஓர் உரையாடல். வேட்பாளராக முயன்று, முந்திய நாள்தான் போட்டியிலிருந்து விலகியிருந்தார் செல்வர் மைக்கேல் புளூம்பெர்க். விளம்பரத்துக்கு அவர் செலவிட்டது 500 மில்லியன் டாலர். அந்நாட்டு மக்கள் 327 மில்லியன் பேர். ஆகவே ஆளுக்கு ஒரு மில்லியன் டாலர் கொடுத்திருக்கலாம், மிச்சமும் இருந்திருக்கும் என்று வலைத்தளத்தில் எவரோ எழுதியதைத் திரையிலே காட்டினர். நிகழ்ச்சியை நடத்தியவர் வியந்தார். விருந்தினராக வந்த இதழாளர் ஆமோதித்தார். உண்மையில் ஆளுக்குக் கிடைத்திருக்கக்கூடியது எவ்வளவு? ஏறத்தாழ ஒன்றரை டாலர்! நிகழ்ச்சி முடியுமுன்னரே பிழையை ஒப்புக்கொண்டு திருத்தினார் நடத்தியவர்.

நகைத்துவிட்டுப் போவதற்கல்ல, தோழர்களே! பிழை எங்கே புகுந்தது என்று பாருங்கள். 6 படி நெல்லை 3 பேருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு 2 படி. படி என்னும் சொல் விடையிலும் நிற்கிறது. அந்தப் பழக்கத்தில் மில்லியனையும் படி போன்றதோர் அளவையின் பெயராக மனம் எண்ணிக்கொள்கிறது. 500-ஐ 327-ஆல் வகுக்கிறது, ஒன்றுக்குமேல் வருகிறது, அதன் முதுகில் மில்லியனை மீண்டும் ஏற்றிவிடுகிறது. மில்லியனோ அளவையன்று, எண். 6 கோடி ரூபாயை 3 பேருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு 2 கோடி. அதே 6 கோடி ரூபாயை 3 கோடிப் பேருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு வெறும் 2 ரூபாய். கோடியைக் கோடியால் வகுத்தால் கோடி கரைந்துவிடும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். அதே 2020-இல், மே 12 அன்று, பெருந்தொற்றுக் காலத்து உதவித் திட்டமென 20 இலட்சம் கோடி ரூபாயைப் பிரதமர் அறிவித்தார். இலட்சமும் கோடியும் கைகோத்து வந்ததும் மலைத்தோர் பலர். மக்கள் தொகையை 130 கோடி என்று கொள்வோம். இருபுறத்துக் கோடியையும் நீக்குவோம். எஞ்சுவது 20 இலட்சத்தை 130-ஆல் வகுக்கும் பள்ளிக்கூடக் கணக்கு. விடை, தலைக்கு ஏறத்தாழ 15,384 ரூபாய். அதுவும் கையிலே தரும் காசன்று. அத்தொகைக்குள் ரிசர்வ் வங்கியின் பணப்புழக்க நடவடிக்கைகள் மட்டுமே ஏறத்தாழ 8 இலட்சம் கோடி. கடனுக்கான உறுதிகளும் அதற்குள் அடக்கம். வகுத்தல் தொகையின் பருமனைக் காட்டும். பணம் எவ்வடிவில் வருகிறது என்பதைத் தனியே கேட்டறிய வேண்டும்.

செவி நம்மை ஏமாற்றுவதற்குக் காரணம் உண்டு. இலட்சமும் கோடியும் ஒலியில் அண்டை வீட்டுக்காரர். அளவிலோ ஒன்று மற்றொன்றைப்போல் நூறு மடங்கு. இலட்சம் வினாடி கழிய ஒரு நாளும் நான்கு மணி நேரமும் போதும். கோடி வினாடிக்கு நான்கு மாதம் ஆகும். இலட்சம் கோடி வினாடிக்கோ 31,000 ஆண்டுக்கு மேல்!

அந்தச் சொற்களையும் இன்றைய உரையாடல் நறுக்கிவிட்டது. "ஐந்து கேட்கிறான்" என்பார் மனைத் தரகர். ஐந்து இலட்சமா, ஐந்து கோடியா என்பது கேட்பவர் ஊகத்துக்கு. கைப்பேசியில் 5L என்றும் 2Cr என்றும் எழுத்தாகச் சுருங்குகிறது பணம். இலங்கைத் தமிழ் ஏடுகள் மில்லியன் என்று எழுதும். மில்லியன் என்பது பத்து இலட்சம். அங்கே 25 மில்லியன் என்று படித்ததை இங்கே 25 இலட்சம் என்று சொல்பவர், இரண்டரைக் கோடியைப் பத்தில் ஒன்றாக்கிவிடுகிறார். ஐயம் எழுந்தால் சுழிகளோடு முழு எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். எழுதும் கை தயங்கினால், சொன்ன வாய் எண்ணவில்லை என்று பொருள்.

பகுத்தறிவு என்று பெருமையோடு சொல்கிறோம். அச்சொல்லின் முதற்பகுதி என்ன? பகு! மேடையிலிருந்து கோடி வந்து விழும்போது, கைதட்டுமுன் ஒருமுறை பகுத்துப் பாருங்கள். எத்தனை பேருக்கு, எத்தனை ஆண்டுக்கு, எவ்வடிவில் என்று கேளுங்கள். விடை பெரிதாயின் வியப்போம். சிறிதாயின், ஏன் அதைப் பெரிதாகச் சொன்னீர் என்று வினவுவோம்.