பெயர் இல்லாத அறிக்கையும் ‘போதிய’ என்ற சொல்லும்

எங்கள் அலுவலகத்தில் ஒருமுறை ஒரு திட்டம் கவிழ்ந்தது. முடிந்ததும் ஓர் அறிக்கை எழுதினோம். யார் பெயரும் வரக்கூடாது என்பது நிபந்தனை. வரவில்லை. கடைசி வரி: “குழுக்களுக்கிடையே போதிய தகவல் பரிமாற்றம் இல்லை.” எல்லோரும் கையெழுத்துப் போட்டோம், யாருக்கும் வலிக்கவில்லை. அடுத்த திட்டமும் அதே மாதிரிதான் போச்சு.

அதிலிருந்து இந்த வகை அறிக்கைகளைத் தேடிப் படிக்கிற பழக்கம் வந்துவிட்டது. அதில் நான் திரும்பத் திரும்பப் போவது மார்ஸ் க்ளைமேட் ஆர்பிட்டர் விபத்து விசாரணைக் குழுவின் முதல் அறிக்கைக்கு. நாசாவின் ஆர்தர் ஸ்டீஃபன்சன் தலைமையிலான குழு 1999 நவம்பர் 10-ல் வெளியிட்டது. தவறு செய்ததாக ஒரு தனி மனிதர் பெயர்கூட அதில் கிடையாது.

கதை பலருக்குத் தெரியும். 1998 டிசம்பரில் கிளம்பிய விண்கலம், 1999 செப்டம்பர் 23-ல் செவ்வாயின் சுற்றுப்பாதைக்குள் நுழையும்போது காணாமல் போனது. காரணம் கேட்டால் “பவுண்டையும் நியூட்டனையும் குழப்பிட்டாங்க” என்பார்கள். சரிதான். விண்கலத்தைக் கட்டிய லாக்ஹீட் மார்ட்டின் பக்கத்து மென்பொருள், சின்ன ராக்கெட்டுகள் தரும் உந்துதலை பவுண்டுக் கணக்கில் கோப்பில் எழுதியது. ஜெட் ப்ரொபல்ஷன் லாபரட்டரியில் பாதையைக் கணிப்பவர்கள், ஒப்பந்தப்படி அது நியூட்டன் கணக்கு என்று படித்தார்கள். ஒரு பவுண்டு விசை 4.45 நியூட்டன். ஆக, ஒவ்வொரு உந்துதலும் உண்மையில் இருந்ததைவிட நாலரை மடங்கு சின்னதாகக் கணக்கில் ஏறியது.

இங்கே நின்றிருந்தால் இது சாதாரண அறிக்கை. ஆனால் அது அடுத்த கேள்வியைக் கேட்கிறது: ஒன்பது மாதப் பயணத்தில் இது ஏன் யார் கண்ணிலும் படவில்லை?

இந்த விண்கலத்தின் சூரியத் தகடு ஒரே பக்கத்தில் இருந்தது. அதில் விழும் சூரிய ஒளியின் மெல்லிய அழுத்தம் கலத்தைத் திருப்பப் பார்க்கும். உள்ளே சுழலும் சக்கரங்கள் அதைத் தாங்கிக்கொள்ளும். சக்கரத்தின் வேகம் எல்லை தொட்டால் சின்ன ராக்கெட்டை எரித்து அதைத் தணிக்க வேண்டும். ஒவ்வொரு எரிப்பும் பாதையைத் துளி நகர்த்தும். எதிர்பார்த்ததைவிட 10 முதல் 14 மடங்கு அதிகமாக இப்படி எரிக்க வேண்டியிருந்தது. துளித்துளியாகப் பிழை சேர்ந்தது.

முதல் நாலு மாதம் அந்தக் கோப்பில் வேறு பிழைகள் இருந்ததால் அதைப் பயன்படுத்தவே இல்லை. ஏப்ரலில் கோப்பு சரியானது. ஒரு வாரத்துக்குள் எண்கள் ஒத்துப்போகவில்லை என்று கணிப்பவர்களுக்குத் தோன்ற ஆரம்பித்தது. ஆனால் பூமியிலிருந்து டாப்ளர் முறையில் அளக்கும்போது, நம்மை நோக்கியோ நம்மைவிட்டோ நகரும் வேகம்தான் தெரியும். இந்த உந்துதல்கள் பெரும்பாலும் அதற்குக் குறுக்காக இருந்தன. அளவையே பிழையை மறைத்தது. யாரையும் திட்டாமல், கெட்டிக்காரர்களுக்கும் ஏன் தெரியாமல் போனது என்று புரியவைக்கிற இடம் இது. அறிக்கையின் சிறந்த பக்கங்கள் இவை என்பேன்.

கடைசி வாரத்து எண்களைப் பாருங்கள். செவ்வாயை நெருங்கும் குறைந்தபட்ச உயரம் 226 கிலோமீட்டர் என்று திட்டம். கடைசிப் பாதைத் திருத்தம் முடிந்த பிறகு வந்த கணிப்பு 150 முதல் 170. நுழைவுக்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்பு 110. பிழைக்கக் குறைந்தது 80 வேண்டும். உண்மையில் போனது 57. எண் இறங்கிக்கொண்டே வந்தது. இன்னொரு திருத்தம் செய்யலாமா என்ற பேச்சும் எழுந்தது, செய்யவில்லை.

ஏன்? இங்கேதான் எனக்கும் அறிக்கைக்கும் சண்டை. மூலக் காரணம் ஒன்று, துணைக் காரணம் எட்டு என்று அது அடுக்குகிறது. துணைக் காரணங்களுக்கு வந்ததும் நடை மாறிவிடுகிறது. போதிய ஆள் இல்லை, போதிய பயிற்சி இல்லை, போதிய தகவல் பரிமாற்றம் இல்லை. ‘போதிய’ என்ற சொல் ஒரு மூடி. நடக்காத ஒன்றை அது சொல்கிறது, நடந்ததைச் சொல்வதில்லை. பாதைக் கணிப்புக் குழு தன் சந்தேகத்தைத் திறம்படத் தெரிவிக்கவில்லை என்கிறது அறிக்கை. முறையாகப் பதிவு செய்ய வழி இருந்தும் பேச்சளவில் நின்றுவிட்டதாம். சரி, ஏன் நின்றது? ஒரு நிரூபணமும் இல்லாத சந்தேகத்தைப் படிவத்தில் எழுத அங்கே என்ன விலை கொடுக்க வேண்டியிருந்தது? அந்தச் சின்னக் குழு ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட செவ்வாய்க் கலங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது என்று அறிக்கையே சொல்கிறது. அதையும் இதையும் அது கோர்த்துக் காட்டவில்லை. ஆள் பெயரை எடுத்துவிட்டாலும், விரல்விட்டு எண்ணக்கூடிய குழுவின் பெயரை வைத்தால் கை நீட்டுவது நீட்டுவதுதான்.

இது நடைபற்றிய குறையாக நின்றிருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். அந்த அறிக்கைக்கு ஓர் அவசரம் இருந்தது. கூடப்பிறந்த கலமான மார்ஸ் போலார் லேண்டர் அப்போது வழியில் இருந்தது, டிசம்பர் 3-ல் இறங்க வேண்டும். கையில் 23 நாள். அலகுகளை எல்லா இடத்திலும் சரிபாருங்கள் என்பது போன்ற தெளிவான பரிந்துரைகள் அதில் உண்டு.

லேண்டரும் போயிற்று. அலகால் அல்ல. இறங்கும்போது கால்களை விரிக்கும் அதிர்வில் தரை தொட்டதாகப் பொய்யான சமிக்ஞை எழ, மென்பொருள் சுமார் 40 மீட்டர் உயரத்திலேயே எஞ்சினை அணைத்திருக்கும் என்பதுதான் பின்னால் வந்த விசாரணையின் மிகச் சாத்தியமான விளக்கம். அந்தப் பொய்ச் சமிக்ஞை வரலாம் என்பது ஒரு மட்டத்தில் தெரிந்தே இருந்தது. மென்பொருள் எழுதியவர்களுக்கான தேவைப் பட்டியலுக்கு அது ஒழுங்காக வந்து சேரவில்லை.

ஆக, இரண்டு கலங்களிலும் ஒரே நோய்: ஒரு மேசையில் தெரிந்தது அடுத்த மேசைக்குப் போகவில்லை. முதல் அறிக்கையில் அந்த நோயின் பெயர் இருந்தது, “போதிய தகவல் பரிமாற்றம் இல்லை” என்ற வடிவத்தில். அலகைச் சரிபார் என்பதை நாளைக் காலையே செய்யலாம், ஆனால் லேண்டருக்கு அது தேவைப்படவில்லை. தேவைப்பட்ட பாடம் செய்ய முடியாத சொல்லில் இருந்தது. ‘வன்பொருள் சோதனையில் தெரிந்த ஒவ்வொரு விநோதமும் மென்பொருள் தேவைப் பட்டியலில் எந்த வரியில் இருக்கிறது என்று காட்டுங்கள்’ என்று இருந்திருந்தால்? 23 நாளில் கண்டுபிடித்திருப்பார்கள் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் தேட ஓர் இடமாவது கிடைத்திருக்கும்.

எங்கள் பழைய அறிக்கையைப் போன வாரம் எடுத்துப் பார்த்தேன். இரண்டு பக்கத்தில் ‘போதிய’ ஏழு தடவை வருகிறது. ஒவ்வொன்றையும் அடித்துவிட்டு, அன்று அந்த மேசையில் இருந்தவருக்கு என்ன தெரிந்தது, அதை யாரிடம் எப்படிச் சொன்னார் என்று எழுதிப் பார்த்தேன். நாலாவதில் என் மேசை வந்தது.