கோட்டுக்குக் கீழே இருக்கும் தாள்

ஜொகூர் பாரு, ஸ்கூடாய், மாசாய், உலு திராம் பக்கம் தாமான் வீடுகளில் குடியிருப்பவர்களுக்கு இந்தத் தாள் பழக்கமானது. ஏ4 அளவில் ஒரே பக்கம். மேலே குடியிருப்பாளர் சங்கத்தின் பெயர், நடுவில் மூன்று நான்கு பத்திகளில் செய்தி, கீழே குறுக்காக ஒரு புள்ளிக்கோடு, கோட்டின் ஓரத்தில் கத்தரிக்கோல் படம். கோட்டுக்குக் கீழே பெயர், வீட்டு எண், கையெழுத்து, சம்மதமா இல்லையா என்ற கேள்வி. அந்தப் பகுதியைக் கிழித்துக் காவல் சாவடியில் இருக்கும் பெட்டியில் போட வேண்டும். முன்பு இதை நகலெடுத்து வீட்டு வாசலில் செருகிவிட்டுப் போவார்கள். இப்போது அதே தாள் பிடிஎஃப் கோப்பாகப் புலனக் குழுவில் வந்து விழுகிறது. கத்தரிக்கோல் படம் மட்டும் இன்னும் போகவில்லை.

கூட்டுத் துப்புரவுக்கும் தீபாவளி விருந்துக்கும் எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்கும் சீட்டில் பிழை இருந்தால் பெரிய நட்டமில்லை, சோறு மிஞ்சும் அல்லது குறையும். சிக்கல் வருவது காவல் திட்டத்துக்கு இசைவு கேட்கும்போதுதான். அதனால் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

தனித்தனி நிலப்பட்டா உள்ள தாமானில் சாலை பொதுச்சாலை. சங்கம் நினைத்தவுடன் அங்கே தடுப்புக் கம்பமும் சாவடியும் வைத்துவிட முடியாது. தீபகற்ப மலேசியாவுக்கான நகர்ப்புற, கிராமப்புறத் திட்டமிடல் துறை 2010இல் வெளியிட்ட வழிகாட்டி இத்தகைய திட்டங்களுக்கு உள்ளாட்சி மன்றத்தின் அனுமதியைக் கேட்கிறது, குடியிருப்பாளர்களில் பெரும்பான்மையோர் இசைந்திருப்பதைக் காட்டவும் சொல்கிறது. கட்டணம் தர விரும்பாதவரைக் கட்டாயப்படுத்தவும் சங்கத்துக்கு வழியில்லை. சிலாங்கூரின் கோத்தா டாமான்சாராவில் டி’வில்லா எக்குவெஸ்திரியன் குடியிருப்பில் எழுந்த வழக்கு கூட்டரசு நீதிமன்றம்வரை போனது. கட்டணம் செலுத்தாத வீட்டுக்காரர் தடுப்புக் கம்பத்தைத் தாமே தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்று அங்கே சங்கம் வைத்திருந்தது. உள்ளாட்சி மன்றத்தின் அனுமதியோடு வைத்த கம்பம் சட்டவிரோதத் தடையாகாது, அந்தச் சிறு சிரமம் வழக்குக்குரிய தொல்லையும் ஆகாது என்று 2015இல் தீர்ப்பு வந்தது. ஆக, எல்லாம் அந்த அனுமதியில்தான் நிற்கிறது. அனுமதி நிற்பது இசைவில். இசைவு நிற்பது நாம் பேசிக்கொண்டிருக்கும் அந்தச் சின்னச் சீட்டில்.

முதலில் இந்த முறையின் நல்ல பக்கத்தைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அதைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். புலனக் குழுவில் வாக்கெடுப்பு வைத்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுமே என்கிறார்கள். முடியும்தான். ஆனால் அங்கே யார் எந்தப் பக்கம் என்பது எல்லாருக்கும் தெரியும். செயலாளரின் பக்கத்து வீட்டுக்காரர் ‘வேண்டாம்’ என்பதை அழுத்தத் தயங்குவார். ஒரே வீட்டிலிருந்து அப்பா, அம்மா, மகன் என மூன்று பேர் அழுத்தினால் மூன்று வாக்கு. சீட்டில் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. வீட்டுக்கு ஒன்று, அதை வாங்கிப் பார்ப்பவர்கள் செயற்குழுவினர் மட்டும், அடியில் கையெழுத்து. மன்றத்தின் மேசையில் கோப்பாக வைக்கக்கூடியது கையெழுத்திட்ட தாள்தான். ஒரே பக்கம் என்ற கட்டுப்பாடும் நல்லதே. இரண்டாம் பக்கம் இருந்தால் அங்கேதான் கட்டண விவரத்தை ஒளித்துவைப்பார்கள்.

குறைகள் புள்ளிக்கோட்டில் தொடங்குகின்றன. கிழித்த பிறகு இந்தத் தாள் இரண்டு ஆவணங்களாகிவிடுகிறது, இரண்டும் இரண்டு இடத்துக்குப் போகின்றன. மேல்பகுதி வீட்டில் தங்கும், கீழ்ப்பகுதி சங்கத்துக்குப் போகும். ஆனால் தயாரிப்பவர் இதை ஒரே பக்கமாக மட்டுமே திரையில் பார்க்கிறார். அதனால் கீழே ‘மேற்கண்ட திட்டத்துக்கு நான் சம்மதிக்கிறேன்’ என்று எழுதிவிடுகிறார். கிழித்ததும் அந்த ‘மேற்கண்ட’ எங்கேயோ போய்விடுகிறது. ஆறு மாதம் கழித்து ஒரு கட்டுச் சீட்டு கையில் இருக்கும். மாதம் ஐம்பது ரிங்கிட்டுக்குச் சம்மதித்தார்களா எண்பதுக்கா, ஒரு கம்பத்துக்கா இரண்டுக்கா என்று அந்தச் சீட்டு சொல்லாது. இதன் மறுபுறம், கடைசித் தேதியும் பெட்டி இருக்கும் இடமும் பெரும்பாலும் சீட்டிலேயே அச்சாகியிருக்கும். கிழித்துக் கொடுத்தவரிடம் எதுவும் மிஞ்சுவதில்லை. இரண்டு பக்கமும் அச்சடித்திருந்தால் சீட்டின் முதுகில் இருந்த பத்தியும் சேர்ந்தே போய்விடும்.

தேர்வு கேட்கும் விதம் இதைவிட மோசம். ‘பெர்செத்துஜு / தீடாக் பெர்செத்துஜு’ என்று இரண்டையும் அச்சடித்து, ஒரு நட்சத்திரக் குறி போட்டு, ‘பொருந்தாததை அடித்துவிடவும்’ என்று அடியில் சிறு எழுத்தில் எழுதுவது அரசாங்கப் பாரங்களிலிருந்து வந்த பழக்கம். அந்தச் சிறு எழுத்தைப் பாதிப் பேர் படிப்பதில்லை. சிலர் வேண்டாததை அடிப்பார்கள், சிலர் வேண்டியதன்மேல் கோடு இழுப்பார்கள், சிலர் வட்டம் போடுவார்கள். எண்ணுகிறவர் தமக்குச் சாதகமாக எடுத்துக்கொள்வார். இரண்டு கட்டங்கள் வைத்து ஒன்றில் குறியிடச் சொன்னால் தீர்ந்துபோகும் விஷயம் இது. கேள்வியையும் பிரிக்க வேண்டும். கம்பம் வைப்பதற்கு இசைவது வேறு, மாதக் கட்டணம் செலுத்த ஒப்புவது வேறு. சட்டத்தில் வேறாக இருக்கும் இரண்டையும் ஒரே கட்டத்தில் அடைத்தால், முதலாவதை விரும்பிக் குறியிட்டவருக்கு இரண்டாவதற்கான கட்டணச் சீட்டு அனுப்புவார்கள். தாமான் சண்டைகளில் பல இங்கேதான் முளைக்கின்றன.

அடுத்தது எண்ணிக்கை. 240 வீடுகள் உள்ள ஒரு தாமானை எடுத்துக்கொள்வோம். 96 சீட்டுகள் திரும்பி வருகின்றன. 78 வீடுகள் சம்மதம், 18 வீடுகள் மறுப்பு. வந்த சீட்டுகளை வைத்துப் பார்த்தால் 81 விழுக்காடு, அமோக ஆதரவு. மொத்த வீடுகளை வைத்துப் பார்த்தால் 32.5 விழுக்காடு, மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தொடவில்லை. எதை வைத்துக் கணக்கிடுவோம் என்று அறிவிப்பில் முன்கூட்டியே சொல்லாத சங்கம் சீட்டுகள் வந்த பிறகு முடிவெடுக்கும், எந்தக் கணக்கை எடுக்கும் என்று ஊகிக்கச் சிரமமில்லை. இந்தச் சங்கடத்திலிருந்து தப்பத்தான் சில அறிவிப்புகள் கடைசியில் ஒரு வரி சேர்க்கின்றன: தேதிக்குள் பதில் வராவிட்டால் சம்மதித்ததாகக் கருதப்படும். இந்த வரி இருந்தால் நம் கணக்கில் 144 மௌனங்களும் ஆதரவாக மாறி, 78 என்பது 222 ஆகிவிடும். மௌனம் சம்மதம் என்பது கல்யாணப் பேச்சுக்கு வேண்டுமானால் ஒத்துவரலாம். ஒப்பந்தச் சட்டத்தில் ஒத்துவராது என்பதை இங்கிலாந்தில் 1862இலேயே பெல்ட்ஹவுஸ் எதிர் பின்ட்லி வழக்கில் சொல்லிவிட்டார்கள். உடன்பிறந்தவர் மகனின் குதிரையை வாங்க விரும்பிய ஒருவர், பதில் வராவிட்டால் குதிரை என்னுடையது என்று எழுதினார். பதில் வராததால் குதிரை அவருடையதாகிவிடவில்லை. மன்றத்துக்குப் போகும் கோப்பில் அந்த 144 வீடுகளுக்குக் காட்டக் கையெழுத்தும் கிடையாது.

ஜொகூரில் மௌனத்துக்கு எதிர்ப்போ ஆதரவோ அல்லாத காரணங்களும் நிறைய. சிங்கப்பூரில் வேலை செய்பவர்கள் விடியுமுன்னே பாலம் கடக்கக் கிளம்பி இருட்டிய பிறகு வீடு திரும்புகிறார்கள். காவல் சாவடிப் பெட்டி அவர்கள் கண்ணில் படுவதே ஞாயிற்றுக்கிழமை. பல வீடுகளில் இருப்பவர் வாடகைக்காரர், உரிமையாளர் வேறெங்கோ இருக்கிறார். கையெழுத்து யாருடையது என்று சீட்டு கேட்காவிட்டால் பிற்பாடு உரிமையாளர் வந்து ‘நான் போடவில்லை’ என்பார். ‘வார இறுதிக்குள்’ என்று தேதி குறிப்பதும் இந்த மாநிலத்தில் தனித் தலைவலியாக இருந்தது. 2014 முதல் 2024 முடியும்வரை ஜொகூரில் வாரவிடுமுறை வெள்ளியும் சனியும், பாலத்துக்கு அந்தப் பக்கம் வேலை செய்பவருக்குச் சனியும் ஞாயிறும். 2025 சனவரி முதல் நாளிலிருந்து இரண்டும் ஒன்றாகிவிட்டன. பழைய அறிவிப்பையே திருத்தி எழுதும் செயலாளர்கள் கவனிக்க வேண்டும்.

பிடிஎஃப் இதற்கெல்லாம் மேலே ஒரு சிக்கலைச் சேர்க்கிறது. ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். கைப்பேசித் திரையின் அகலம் ஏறக்குறைய 70. பக்கம் முழுதும் தெரியும்போது எல்லாம் மூன்றில் ஒன்றாகச் சுருங்கிவிடும், 12 புள்ளி எழுத்து 4 புள்ளியாகத் தெரியும். மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் நான்கையும் ஒரே பக்கத்தில் அடைக்க எழுத்தை 8 புள்ளிக்குக் குறைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். இதில் முதலில் பலியாவது தமிழ்தான். நம் சொற்கள் நீளம், இடம் அதிகம் பிடிக்கும். எழுத்துருவைக் கோப்போடு பொதியாமல் அனுப்பினால் கொம்பும் காலும் இடம் மாறி வரும். பெரிதாக்கி இழுத்து இழுத்துப் படிப்பவர் கீழே இருக்கும் சீட்டுக்கு வருவதற்குள் சலித்துவிடுவார். வந்தாலும் திரையைக் கிழிக்க முடியாது. அச்சுப்பொறி வீட்டில் இல்லாதவர் கடைக்குப் போய் அச்சடித்து, பேனாவால் எழுதி, திரும்பப் படம் பிடித்து அனுப்ப வேண்டும். சிலர் அந்தப் படத்தைக் குழுவிலேயே போட்டுவிடுகிறார்கள். சீட்டு அடையாள அட்டை எண்ணையும் கேட்டிருந்தால் அது இன்னும் ஆபத்து. 12 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், கடைசி இலக்கம் ஆணா பெண்ணா என்பது. கம்பம் வைக்க இசைவு கேட்கும் சீட்டுக்குப் பெயரும் வீட்டு எண்ணும் போதும்.

என் முடிவு இது. விருந்துக்கும் துப்புரவுக்கும் சீட்டே வேண்டாம், புலனம் போதும். காவல் திட்டம், கட்டண உயர்வு, சாலையை மூடுதல் போன்றவற்றுக்குத் தாள் சீட்டு வேண்டும், ஆனால் அதைப் பிடிஎஃப் கோப்பிலிருந்து கிழிக்கச் சொல்லக்கூடாது. கோப்பை முன்னறிவிப்பாக அனுப்பிவிட்டு, அச்சடித்த தாளை வீடு வீடாகக் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை போய் வாங்கி வர வேண்டும். சீட்டை ஏ4 தாளின் கீழ் மூன்றில் ஒரு பங்காக, 99 மில்லிமீட்டர் உயரத்தில் வைத்தால் எழுத இடமிருக்கும். அதில் திட்டத்தை இரண்டு வரியில் தொகையோடு திரும்ப எழுதுங்கள். இரண்டு கேள்விக்கும் தனித்தனிக் கட்டம், உரிமையாளரா வாடகைக்காரரா என்பதற்கு ஒரு கட்டம். கடைசித் தேதியைக் கோட்டுக்கு மேலும் போடுங்கள், கீழும் போடுங்கள். மொத்தம் எத்தனை வீடு, எத்தனை சம்மதம் வந்தால் திட்டம் மன்றத்துக்குப் போகும் என்ற எண்ணிக்கையை மேல்பகுதியிலேயே அச்சடித்துவிடுங்கள். பதில் வராத வீட்டைப் பதில் வராத வீடு என்றே எழுதி, அந்த எண்ணையும் சேர்த்து முடிவை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.