குரல் பொருந்துகிறது, ஆள் இருக்கிறாரா?

2017 மே மாதம் பிபிசியின் 'கிளிக்' நிகழ்ச்சிக்காகச் செய்தியாளர் டான் சிம்மன்ஸ் ஒரு சோதனை நடத்தினார். அதற்கு முந்தைய ஆண்டுதான் எச்.எஸ்.பி.சி. வங்கி பிரிட்டனில் தன் தொலைபேசி வாடிக்கையாளர்களுக்குக் குரல் அடையாளத்தைக் கொண்டுவந்திருந்தது. கணக்கு விவரத்தையும் பிறந்த தேதியையும் கொடுத்துவிட்டு, தன் குரலே தன் கடவுச்சொல் என்னும் பொருளில் ஓர் ஆங்கில வாக்கியத்தைச் சொன்னால் போதும், கணக்கு திறக்கும். டான் தன் குரலைப் பதிவு செய்துவைத்தார். பிறகு அவருடைய இரட்டைச் சகோதரர் வங்கியை அழைத்து, டானைப்போலவே அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தார். இருவரும் ஒரே அச்சில் பிறந்த இரட்டையர் அல்லர். ஏழு முறை அமைப்பு மறுத்தது. எட்டாவது முறை உள்ளே விட்டது. கணக்கிலிருந்த தொகையும் அண்மைய வரவுசெலவும் தெரிந்தன. பணத்தை வெளியே எடுக்க முடியவில்லை என்றாலும், கணக்குகளுக்கிடையே மாற்றும் வாய்ப்பை அமைப்பு முன்வைத்தது.

இந்தச் செய்தியைப் பலரும் 'மிமிக்ரியிடம் ஏமாந்த கணினி' என்றே படித்தார்கள். எனக்கு எட்டாவது முறையைவிட முந்தைய ஏழு முறைகள்தான் முக்கியமாகப் படுகின்றன. அமைப்பு தன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தது. திரும்பத் திரும்ப முயலவிட்டது அதைச் சுற்றியிருந்த ஏற்பாடு.

பேசுநர் அறிதல் ஆம், இல்லை என்று பதில் சொல்வதில்லை, மதிப்பெண் போடுகிறது. பேச்சை ஏறத்தாழ 25 மில்லிவிநாடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்று பார்க்கிறது. தொண்டை, வாய், மூக்கு ஆகியவற்றின் வடிவம் ஒலியில் பதித்த அடையாளம் அங்கே இருக்கிறது. நரம்பியல் வலைப்பின்னல் ஒன்று அந்தத் துண்டுகளையெல்லாம் சேர்த்துச் சில நூறு எண்களாகச் சுருக்குகிறது. குரல்ரேகை என்பது இதுதான். முதலில் பதிந்த ரேகையோடு இப்போதைய ரேகையை ஒப்பிட்டால் ஒரு மதிப்பெண் வரும். தேர்ச்சி மதிப்பெண்ணைத் தாண்டினால் கதவு திறக்கும்.

ஒரே ஆள் ஒரே வாக்கியத்தை இரண்டு முறை சொன்னாலும் மதிப்பெண் மாறும். சளி பிடித்தால், அழுதால், வண்டிச் சத்தத்தில் நின்று பேசினால் இன்னும் மாறும். அதனால் தேர்ச்சி மதிப்பெண்ணை மிக உயரத்தில் வைக்க முடியாது. வைத்தால் உண்மையான வாடிக்கையாளரே வெளியில் நிற்பார். தாழ்த்தினால் மற்றவர் நுழைவார். ஒரு போலியாளர் ஒரு முயற்சியில் நுழைந்துவிடுவதற்கு நூற்றில் ஐந்து வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முயற்சியும் தனித்தனி என்று கொண்டால், எட்டு முயற்சிகளில் ஒன்றாவது பலிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றில் முப்பத்து நான்கு. ஒருவரின் முயற்சிகள் முற்றிலும் தனித்தனியானவை அல்ல என்பதால் இது தோராயக் கணக்குதான். ஆனாலும் முயற்சிகளுக்கு வரம்பு ஏன் வேண்டும் என்பதைக் காட்ட இது போதும். சோதனைக்குப் பிறகு அந்த வங்கி முயற்சிகளை மூன்றாகக் குறைக்கப்போவதாக அறிவித்தது.

இந்தத் தொழில்நுட்பத்தின் திறமையைக் குறைத்துச் சொல்லக்கூடாது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் யூடியூப் நேர்காணல்களிலிருந்து திரட்டிய 'வாக்ஸ்செலப்' தொகுப்பில் சிறந்த அமைப்புகள் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில்தான் தவறுகின்றன. பல ஆயிரம் அந்நியக் குரல்களில் ஒன்றைப் பிரித்தறிவதில் மனிதக் காது இதற்கு ஈடாகாது. ஆனால் அந்தத் தொகுப்பில் 'வேற்றாள்' என்பவர் யார்? தன் குரலில் இயல்பாகப் பேசிக்கொண்டிருக்கும் இன்னொருவர். ஏமாற்ற நினைத்தே வந்தவர் அல்லர். நூற்றுக்கு ஒன்று என்ற அந்தக் கணக்கைத் திருடனுக்கு எதிரான காப்புறுதியாக விற்பதுதான் இந்தத் துறையின் பெரிய குறை என்பேன்.

திருடன் தன் குரலைக் கொண்டுவரவே வேண்டியதில்லை. உங்கள் குரலின் பதிவையே கொண்டுவருவான்.

பதிவு ஏன் ஏமாற்றுகிறது என்பதற்குக் காரணம் அமைப்பின் குறைபாட்டில் இல்லை, அதன் சாமர்த்தியத்தில் இருக்கிறது. பதிந்த நாளில் நீங்கள் பேசியது ஒரு போனில், இன்று பேசுவது இன்னொன்றில். அன்று வீட்டு அறை, இன்று பேருந்து நிலையம். இத்தனை மாற்றத்திலும் உங்களை அடையாளம் காணவேண்டுமென்றால், மைக்கின் சாயலையும் அறையின் எதிரொலியையும் இணைப்பின் இரைச்சலையும் ஒதுக்கிவிட்டு ஆளின் குரலை மட்டும் பிடித்துக்கொள்ள அமைப்பு கற்றிருக்க வேண்டும். பொறியாளர்கள் பல ஆண்டுகள் உழைத்து இதைச் சாதித்தார்கள். ஆனால் குரல் வாயிலிருந்து வருகிறதா, ஒலிபெருக்கியிலிருந்து வருகிறதா என்று காட்டும் தடயங்களும் இப்படி ஒதுக்கப்பட்ட குப்பைக்குள்தான் கிடக்கின்றன. குரல் யாருடையது என்பதில் எவ்வளவு தேர்ச்சி பெறுகிறதோ, அந்த ஆள் எதிரே இருக்கிறாரா என்பதில் அவ்வளவு அக்கறையற்றதாகிறது. பதிவில் இருப்பது உங்கள் குரல்தானே. அமைப்பு சொன்ன பதிலில் பொய்யே இல்லை.

ஆகவே தடயம் தேடும் வேலையை வேறொரு அமைப்பிடம் தனியாகத்தான் ஒப்படைக்க வேண்டும். சிறிய ஒலிபெருக்கி தாழ்ந்த ஒலிகளைச் சரியாக எழுப்பாது. பதிவில் ஏற்கெனவே ஓர் அறையின் எதிரொலி படிந்திருக்கும், ஒலிக்கும் இடத்தில் இன்னொன்று சேரும். வாயருகே மைக்கை வைத்துப் 'ப' என்று அழுத்திச் சொன்னால் மூச்சுக்காற்று மைக்கில் மோதி ஒரு தாழ்ந்த 'புஸ்' எழும். ஒலிபெருக்கியில் அந்தக் காற்று வராது. இந்த மூச்சோசையைக் கொண்டே உயிருள்ள பேச்சைக் கண்டறியும் வழியை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015இல் முன்வைத்தார்கள். நல்ல யோசனைதான். ஆனால் வழக்கமான தொலைபேசி இணைப்பு 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்துகிறது. 'புஸ்' இருப்பது அதற்குக் கீழே. வங்கிக்கு எது அதிகம் தேவையோ அதுவே வழியில் தொலைந்துபோகிறது.

2017இல் நடந்த 'ஏஎஸ்வி ஸ்பூஃப்' ஆய்வுப் போட்டி இந்தப் பதிவொலி ஏமாற்றை மட்டுமே எடுத்துக்கொண்டது. பயிற்சியில் கேட்டிராத ஒலிபெருக்கிகளும் அறைகளும் சோதனையில் வந்தன. முதலிடம் பெற்ற அமைப்பின் பிழைவீதமே 6.7 விழுக்காட்டை ஒட்டியிருந்தது. பழகிய கருவியின் தடயத்தை எளிதில் பிடிக்கலாம். திருடன் என்ன ஒலிபெருக்கி வாங்குவான் என்று யாருக்குத் தெரியும்?

ஆண்ட்ராய்டு போன்களில் சில ஆண்டுகள் இருந்த குரல்வழிப் பூட்டுத் திறப்பு இந்த விஷயத்தில் நேர்மையாகவே நடந்துகொண்டது. உங்களைப்போன்ற குரல் உள்ளவரோ உங்கள் குரலின் பதிவோ போனைத் திறந்துவிடக்கூடும் என்று அமைப்புகள் திரையிலேயே எச்சரித்தார்கள். பிறகு கூகுள் அந்த வசதியை விலக்கிக்கொண்டது.

பதிவை முறியடிக்க ஒரு பழைய வழி உண்டு: ஒவ்வொரு முறையும் வேறு எண்களைச் சொல்லச் சொல்வது. முன்பே பதிந்த ஒலியால் புதிய கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. குரல் நகலாக்கம் இதையும் வலுவிழக்கச் செய்துவிட்டது. இன்று விசைப்பலகையில் தட்டியதை உங்கள் குரலில் பேசவைக்க முடிகிறது. 2023 பிப்ரவரியில் ஜோசப் காக்ஸ் என்ற செய்தியாளர் தன் குரலின் செயற்கை நகலைக் கொண்டு லாயிட்ஸ் வங்கியில் தன் கணக்கையே திறந்துகாட்டினார். அடுத்த மாதம் கார்டியன் ஆஸ்திரேலியாவின் செய்தியாளர் ஒருவர், நான்கு நிமிடப் பேச்சிலிருந்து செய்த நகலையும் தன் வாடிக்கையாளர் எண்ணையும் கொண்டு, அந்நாட்டின் நலத்திட்ட அமைப்பான சென்டர்லிங்கில் தன் கணக்கினுள் நுழைந்தார்.

தாயின் பிறந்த வீட்டுப் பெயரையும் பிறந்த தேதியையும் கேட்டுத் திறந்துவிட்ட பழைய முறைக்குக் குரல் அடையாளம் எவ்வளவோ மேல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கடவுச்சொல் நினைவில் நிற்காத முதியவருக்கும், திரையைப் பார்க்க முடியாதவருக்கும் இது உண்மையான உதவி. கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்பதற்குக் குரல் மட்டும் போதும் என்றால் ஒப்புக்கொள்வேன். புதிய பெறுநரைச் சேர்க்கவோ முகவரியை மாற்றவோ அதுமட்டும் போதும் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன். அங்கே பதிவுசெய்த எண்ணுக்கு வங்கியே திருப்பி அழைப்பது போன்ற இன்னொரு சான்று வேண்டும். கடவுச்சொல் திருடுபோனால் மாற்றலாம், குரலை மாற்ற முடியாது. எனவே குரல் அடையாளத்தை வேண்டாம் என்று சொல்லி, பதிந்த ரேகையை அழிக்கச் செய்யும் உரிமையும் வாடிக்கையாளருக்கு முதல் நாளிலேயே இருக்க வேண்டும்.