வாட்டை எழுதி யூனிட்டைத் தொலைப்பது

மின்சாரத்தைச் சொந்தமாக அளந்து பார்க்கும் பழக்கம் நம் வீடுகளுக்கும் வந்துவிட்டது. இபி மீட்டரின் சீலைத் தொடாமல், மெயின் சுவிட்சுக்கு அப்பால் டிபி பாக்ஸில் எஸ்டிஎம்120 போன்ற ஒரு சிறிய மீட்டரை எலக்ட்ரீஷியனைக் கொண்டு பொருத்துகிறார்கள். அதன் ஆர்எஸ்-485 முனைகளிலிருந்து இரண்டு கம்பிகள் ஒரு யுஎஸ்பி கன்வெர்ட்டர் வழியாக ராஸ்பெர்ரி பைக்குப் போகின்றன. சில வரி பைத்தான் நிரல் பத்து நொடிக்கு ஒரு தடவை மீட்டரிடம் மோட்பஸில் கேட்டு, வந்த வாட்டை டேட்டாபேஸில் எழுதிவைக்கிறது. இரண்டு மாதம் கழித்து அதை எடுத்து அலசுகிறார்கள்.

இதைச் செய்பவர்கள் சிலர் கூடியிருந்த ஓர் அறையில் அண்மையில் நானும் இருந்தேன். “மீட்டரின் யூனிட் ரிஜிஸ்டரை ஏன் பதிவதில்லை?” என்று கேட்டேன். “வாட் கையில் இருக்கிறதே, யூனிட்டை எப்போது வேண்டுமானாலும் கூட்டிக்கொள்ளலாம்” என்று பதில் வந்தது. பலர் தலையாட்டினார்கள். இந்தப் பதில் தவறு என்று பல வருடமாகச் சொல்லிவருகிறேன். அதை இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். மோட்பஸ் இந்த வேலைக்குப் பொருத்தமான ஏற்பாடு. கேள்வி எட்டு பைட், ஒரு ரிஜிஸ்டர் ஜோடிக்கான பதில் ஒன்பது பைட். எஸ்டிஎம்120 கடையிலிருந்து வரும்போது இருக்கும் 2400 வேகத்தில்கூட அவை கம்பியில் ஓட எடுக்கும் நேரம் நொடியில் பதினான்கில் ஒரு பங்குதான். பைட்டுகள் வழியில் சிதைந்தால் பின்னால் வரும் சிஆர்சி காட்டிக்கொடுத்துவிடும். வாட் பதிவும் வீண் வேலையில்லை. பிரிட்ஜ் கம்ப்ரசர் எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை ஓடுகிறது, மோட்டார் எப்போது போடப்பட்டது, ஆளில்லாத இரவில் எது மின்சாரம் தின்கிறது என்பதையெல்லாம் வாட்தான் சொல்லும். யூனிட் ரிஜிஸ்டர் அதைச் சொல்லாது. இருபது வாட் விளக்கு ஒரு நிமிடத்தில் எடுப்பது வாட்-மணியில் மூன்றில் ஒரு பங்கு. அந்த அளவுக்கு ரிஜிஸ்டரின் கடைசி இலக்கம் அசையவே அசையாது.

ஆனால் வாட் என்பது கேட்ட அந்தக் கணத்தின் எண். கேட்காத நேரத்தில் என்ன நடந்தது என்பதற்கு அதில் சாட்சி கிடையாது. மீட்டரோ உள்ளே ஓயாமல் வேலை செய்கிறது. நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பார்த்து, பெருக்கி, கூட்டி, கூட்டுத்தொகையை ஒரு ரிஜிஸ்டரில் வைத்துக்கொண்டே போகிறது. எஸ்டிஎம்120இல் வாட் இருப்பது `0x000C`, அந்தக் கூட்டுத்தொகை இருப்பது `0x0048`. இரண்டையும் படிக்க ஒரே ஃபங்ஷன் எண் 4தான், ஒரே வகை தசம எண்தான். மீட்டர் செய்து முடித்த கணக்கைத் தொடாமல் விட்டுவிட்டு, அதையே பத்து நொடிக்கு ஒரு துளி எடுத்து நாமே மறுபடி போடுகிறோம்.

இதனால் என்ன ஆகிறது என்பதற்கு இண்டக்ஷன் அடுப்பு ஒன்று போதும். பால் பொங்காமலிருக்க அதைக் குறைத்து வைத்தால், பல அடுப்புகள் வாட்டைக் குறைப்பதில்லை. கொஞ்ச நேரம் முழு வேகத்தில் எரிந்து, கொஞ்ச நேரம் அணைந்து, மறுபடி எரிகின்றன. ஒரு சுற்று 10.1 நொடி என்று வைத்துக்கொள்வோம்: 4 நொடி 1000 வாட், மிச்ச நேரம் ஒன்றுமில்லை. சராசரி 400 வாட்டுக்குச் சற்றுக் குறைவு. அரை மணி நேரத்தில் 200 வாட்-மணியை ஒட்டி வரவேண்டும்.

நம் நிரல் பத்து நொடிக்கு ஒரு தடவை கேட்கிறது. அடுப்பின் சுற்றும் கேள்வியின் சுற்றும் ஏறக்குறைய ஒன்று. ஒரு தடவை அடுப்பு அணைந்திருக்கும்போது கேட்டால், அடுத்த கேள்வியும் அணைந்திருக்கும் நேரத்தில்தான் விழும், அதற்கடுத்ததும் அப்படியே. ஒவ்வொரு கேள்விக்கும் 0.1 நொடிதான் நகர்கிறது. ஆகவே பதிவில் பத்து நிமிடம் தொடர்ந்து பூஜ்யம் இருக்கும், பிறகு ஆறரை நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து 1000 வாட் இருக்கும். பின்னால் உட்கார்ந்து அலசுபவர் என்ன நினைப்பார்? யாரோ அடுப்பை அணைத்துவிட்டுப் போய், பத்து நிமிடம் கழித்துத் திரும்ப வந்து முழு வேகத்தில் வைத்ததாக நினைப்பார். சமையலறையில் அப்படி எதுவும் நடக்கவில்லை, அடுப்பு ஒரே சீராக எரிந்துகொண்டிருந்தது. சமையல் அந்தப் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிட்டால், எரிந்த மின்சாரம் பதிவில் ஏறவே ஏறாது.

இதற்கு உடனே வரும் பதில், “அப்படியானால் நொடிக்கு ஒரு தடவை கேட்கிறேன்” என்பது. அடுப்புக்கு அது பெரும்பாலும் சரியாகிவிடும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் ஆட்சேபம் அங்கே தீரவில்லை. நொடிக்கு நூறு தடவை கேட்க எழுதிய நிரலும், கேட்காமல் போன மூன்று மணி நேரத்தைத் திருப்பித் தராது.

வீட்டுப் பதிவுகளைக் கெடுப்பது பெரும்பாலும் இந்த இடைவெளிதான். யுஎஸ்பி கன்வெர்ட்டர் கழன்று நிற்கும், எஸ்டி கார்டு நிறைந்துவிடும், நிரல் இரவில் செத்துக் காலையில்தான் தெரியவரும். வாட் மட்டும் எழுதியிருந்தால் அந்த நேரத்தின் மின்சாரம் போனது போனதுதான். யூனிட் ரிஜிஸ்டரை எழுதியிருந்தால், இடைவெளிக்கு முன்னால் உள்ள எண்ணைப் பின்னால் உள்ள எண்ணிலிருந்து கழித்தால் போதும். எந்த நிமிடத்தில் எவ்வளவு என்று தெரியாவிட்டாலும், மொத்தத்தில் ஒரு துளிகூடக் குறையாது.

இடைவெளியை விட மோசமானது, இடைவெளியை மறைப்பது. நான் பார்த்த நிரல்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருக்கின்றன:

```python
def read_power():
    try:
        return meter.read_float(0x000C, functioncode=4)
    except IOError:
        return 0
```

மீட்டர் பதில் சொல்லவில்லை என்பதும், வீட்டில் மின்சாரமே ஓடவில்லை என்பதும் இந்த நான்கு வரியில் ஒன்றாகிவிட்டன. சிஆர்சி தவறியதைக் கண்டுபிடிக்க மோட்பஸ் பட்ட பாடு கடைசி வரியில் வீணாகிறது. வேறு சிலர் பூஜ்யத்துக்குப் பதில் முந்தைய எண்ணையே திரும்ப எழுதுகிறார்கள். அது இன்னும் கேடு. பூஜ்யமாவது சந்தேகத்தைக் கிளப்பும், பழைய எண் உண்மை போலவே உட்கார்ந்திருக்கும்.

என் வீட்டுப் பதிவே எனக்கு இதைக் கற்றுத்தந்தது. அறுபது நாளில் மீட்டரின் முகப்பு 1042.31இலிருந்து 1523.87க்குப் போயிருந்தது, அதாவது 481.56 யூனிட். அதே அறுபது நாளின் வாட்டையெல்லாம் கூட்டினால் 448 வந்தது. 33 யூனிட் எங்கே போனது? முதலில் மீட்டரைச் சந்தேகப்பட்டேன், பிறகு பதிவை வரிவரியாகப் பார்த்தேன். இரண்டு தடவையாக மொத்தம் மூன்று நாள் நிரல் நின்றிருந்தது. நாளொன்றுக்கு எட்டு யூனிட் என்றால் 24 அங்கே போயிற்று. மிச்ச நாட்களில் நூறு கேள்விக்கு இரண்டு வீதம் பதில் வராமல் பூஜ்யம் எழுதப்பட்டிருந்தது. அதில் ஒன்பது. கணக்கு நேரானது. ஆனால் மீட்டரின் முகப்பைத் தற்செயலாகக் குறித்து வைத்திருந்ததால்தான் அப்படி ஒரு குறை இருப்பதே தெரிந்தது.

33 யூனிட் சிறிய விஷயம் என்று சொல்ல வேண்டாம். தமிழ்நாட்டில் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறுகிறது. 470 என்று உங்கள் பதிவு சொல்வதை நம்பி கடைசி வாரம் ஏசியைத் தயங்காமல் போட்டால், உண்மையில் நீங்கள் ஏற்கெனவே கோட்டைத் தாண்டியிருப்பீர்கள்.

கரண்ட் போகும் ஊரில் இன்னொரு பயனும் இருக்கிறது. ராஸ்பெர்ரி பை இன்வெர்ட்டரில் ஓடும், மீட்டருக்கு மின்சாரம் இருக்காது. அப்போதும் பதில் வராது, கம்பி கழன்றாலும் பதில் வராது. வாட் பதிவில் இரண்டும் ஒரே வெற்றிடம். ரிஜிஸ்டர் இருந்தால் பிரித்துச் சொல்லிவிடலாம். மின்சாரம் போனாலும் மீட்டர் அந்த எண்ணை மறப்பதில்லை. வெற்றிடத்துக்கு இருபுறமும் எண் அதேதான் என்றால் பெரும்பாலும் கரண்ட் போயிருந்தது, ஏறியிருந்தால் பழுது நம் பக்கம். நேரத்தின் குழப்பத்துக்கும் இது கைகொடுக்கும். ராஸ்பெர்ரி பை 4 வரையிலான பலகைகளில் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. இணையம் வரும்வரை அவை பழைய நேரத்தையே எழுதும். ஏறிக்கொண்டே போகும் ரிஜிஸ்டர் எண், எந்த வரி முந்தியது என்பதைக் கடிகாரம் பொய் சொன்ன இடத்திலும் காட்டும்.

ரிஜிஸ்டரிலும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மீட்டரை மாற்றினாலோ, பிசெம்-004டி போன்றவற்றில் ரீசெட் கட்டளை அனுப்பினாலோ எண் கீழே விழும். கழித்தது மைனஸில் வந்தால் அங்கிருந்து புதிய கணக்கு என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இதைத் தவிர அதன்மேல் சொல்ல எனக்குக் குறை எதுவும் இல்லை.

இபி கணக்கீட்டாளர் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வந்து ரீடிங்கை அட்டையில் எழுதிவிட்டுப் போன முறையை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இடையில் என்ன எரிந்தது என்று அவர் கேட்டதில்லை. போன தடவை எண்ணை இந்தத் தடவை எண்ணிலிருந்து கழித்தார், அது சரியாக இருந்தது. பத்து நொடிக்கு ஒரு தடவை கேட்கும் வசதி வந்த நாம் அந்த ஒரு எண்ணை விட்டுவிட்டோம். வண்ண வண்ண வரைபடங்கள் ஏறி இறங்குவதைப் பார்த்து, அளந்துவிட்டோம் என்று நம்புகிறோம். அடிக்கணக்கு சரியாக நிற்காத வரைபடத்தை அளவீடு என்று நான் ஏற்க மாட்டேன்.

செய்ய வேண்டியது சில வரிகள்தான்:

```python
def read(addr):
    try:
        return meter.read_float(addr, functioncode=4)
    except IOError:
        return None

row = (time.time(), read(0x000C), read(0x0048))
```

வாட்டையும் வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் ரீடிங்கையும் எழுதுங்கள். பதில் வராத இடத்தை வெற்றிடமாகவே விடுங்கள். பதிவு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது என்றால், இன்றிரவே மீட்டரின் முகப்பைப் பார்த்து அந்த எண்ணைத் தேதியுடன் ஒரு தாளில் குறித்து வையுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி பார்த்துக் கழித்து, உங்கள் பதிவின் கூட்டுத்தொகையோடு ஒப்பிடுங்கள்.