மெர்ச்சண்டைசர் பயோடேட்டா: திருப்பூரில் ஒரு கணக்கு, இலங்கையில் ஒரு கணக்கு

கடலூர் சிப்காட்டில் இருப்பவை பெரும்பாலும் ரசாயன ஆலைகள். அதனால் ஆயத்த ஆடை ஏற்றுமதியில் மெர்ச்சண்டைசர் வேலை தேடும் கடலூர், சிதம்பரம் பட்டதாரி திருப்பூருக்குத்தான் பெட்டி கட்டுகிறார். அங்கே நாலைந்து வருடம் ஓடியதும் அடுத்த வேலைக்கு பயோடேட்டா எழுதுவார். கையாண்ட பையர்கள், ஆர்டர் அளவு, லீட் டைம், தேறிய ஆடிட்டுகள் என்று நான்கு வரிகள் அதில் கட்டாயம் இருக்கும். இதே நான்கு வரிகளை கொழும்பில் ஒருவர் எழுதினால் அவற்றுக்குப் பொருள் வேறு. இந்த வேறுபாடு தெரியாததால்தான் நல்ல வேலைக்காரர்கள்கூட நேர்காணலில் தடுமாறுகிறார்கள்.

இலங்கையில் எம்.ஏ.எஸ்., பிராண்டிக்ஸ், ஹிர்தராமணி போன்ற பெரிய குழுமங்கள் ஒரே பையரோடு ஆண்டுக்கணக்கில் இணைந்து வேலை செய்கின்றன. அங்குள்ள மெர்ச்சண்டைசர் பெரும்பாலும் ஒரு பையருக்கான குழுவில் ஒருவர். அவர் பயோடேட்டாவில் ஒரே பெயர் இருந்தாலும் குறையில்லை. அந்தப் பையரின் துணித் தேர்வு முதல் விலைப் பேச்சுவரை ஆழம் பார்த்தவர் என்று அர்த்தம். திருப்பூரில் ஒருவரே மூன்று நான்கு பையர்களைப் பார்ப்பார். அதில் பாதி பையிங் ஹவுஸ் வழியாக வந்திருக்கும். பையரோடு நேராகப் பேசினாரா, இடையில் பையிங் ஹவுஸ் இருந்ததா என்று எழுதாத பட்டியலை நான் பாதிதான் நம்புவேன்.

திருப்பூரில் ஓர் ஆர்டரை எடுத்துக்கொள்வோம். ஒரே ஸ்டைல், மூன்று கலர், 24,000 டி-ஷர்ட். ஒரு பீஸுக்கு 200 கிராம் துணி என்றால் 4,800 கிலோ துணி வேண்டும். டையிங்கிலும் கட்டிங்கிலும் போகும் சேதாரத்துக்கு அதற்கு மேலும் நூல் வாங்க வேண்டும். ஆர்டர் கைக்கு வந்த நாளிலிருந்து சரக்கு ஃபேக்டரியை விட்டுக் கிளம்ப 75 நாள். லேப் டிப் ஒப்புதலுக்குப் பையரிடம் காத்திருக்கும்போதே நிட்டிங்கை முடித்துவிடலாம், ஏனென்றால் சாயம் ஏறாத துணிக்குக் கலர் ஒப்புதல் தேவையில்லை. துணி டையிங்குக்குப் போகிறது. நேவி கலர் மட்டும் சலவைச் சோதனையில் சாயம் விட்டு, மறு டையிங்குக்குத் திரும்புகிறது. ஆறு நாள் போச்சு. இங்கேதான் மெர்ச்சண்டைசரின் திறமை தெரியும். மற்ற இரண்டு கலரையும் முதலில் கட்டிங்குக்கு இறக்கி, தையல் லைன் சும்மா நிற்காமல் பார்த்து, நேவியைக் கடைசியில் ஏற்றினால் தேதி தப்பாது. தவறினால் கப்பலுக்குப் பதில் விமானம். அந்தச் செலவில் ஆர்டரின் லாபம் கரைந்துவிடும்.

இலங்கையில் ஆபத்து இருக்கும் இடம் வேறு. அவிசாவளை டீஜே போன்ற பின்னலாடைத் துணி ஆலைகள் அங்கே உண்டு. ஆனால் நெய்த துணியில் பெரும்பகுதி கப்பலில் வருகிறது. ஆகவே அங்கே லீட் டைமைக் காப்பது என்பது துணி துறைமுகத்துக்கு வரும் தேதியைக் காப்பது. திருப்பூரில் அது நிட்டிங், டையிங், கம்பாக்டிங், பிரிண்டிங் என்று ஊரெல்லாம் சிதறிக் கிடக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டுகளைத் துரத்துவது. எனவே வெறுமனே ‘45 நாள்’ என்று எழுதினால் போதாது. ஆர்டர் வந்த நாளிலிருந்தா, சாம்பிள் ஒப்புதலிலிருந்தா, துணி கைக்கு வந்த பிறகா என்பதும் எழுத வேண்டும். ஆர்டர் அளவும் அப்படியே. ஒரே ஸ்டைலில் 24,000 பீஸும், 12 ஸ்டைலில் தலா 2,000 பீஸும் கூட்டினால் ஒன்றுதான்; வேலைப்பளு ஒன்றல்ல.

ஆடிட் வரியில்தான் அதிகம் பிசகுகிறார்கள். ஆடிட் ஃபேக்டரிக்கு நடப்பது, மெர்ச்சண்டைசருக்கு அல்ல. அதிலும் ஸ்மெட்டா ஆடிட்டில் பாஸ், ஃபெயில் என்பதே கிடையாது. குறைகளையும் அவற்றைத் திருத்தும் கெடுவையும் சொல்லும் அறிக்கைதான் வரும். ‘ஸ்மெட்டா பாஸ்’ என்று எழுதியவரிடம் விவரம் தெரிந்தவர் அடுத்த கேள்வி கேட்க மாட்டார். பி.எஸ்.சி.ஐ.யில் ஏ முதல் இ வரை மதிப்பீடு உண்டு. அதையும் ஆண்டோடு எழுதலாம்.

இலங்கை ஆடைத் துறை 2006இல் ‘கார்மென்ட்ஸ் வித்அவுட் கில்ட்’ என்ற பிரசாரத்தைத் தொடங்கி, தொழிலாளர் நெறியையே நாட்டின் அடையாளமாக முன்வைத்தது. அங்குள்ள பெரிய ஆலைகளில் இதற்கெனத் தனிப் பிரிவு இருப்பதால் மெர்ச்சண்டைசரின் பங்கு சிறியது. திருப்பூரில் அப்படியில்லை. பையருக்குச் சொல்லாமல் வெளி யூனிட்டில் தைப்பது ஆடிட்டில் பெரிய குற்றம். அவசரத்தில் அந்த யூனிட்டுக்குச் சரக்கை அனுப்புவதா, தேதியைத் தள்ளக் கேட்டுப் பையருக்கு எழுதுவதா என்ற முடிவில் மெர்ச்சண்டைசரின் குரலும் இருக்கிறது. பையர் ஏற்ற யூனிட்டுகளில் மட்டும் வேலை கொடுத்து, அதன் டெலிவரி சலானையும் துணிக் கணக்கையும் ஆடிட்டர் முன் வைத்தவர் அதைத் தாராளமாக எழுதிக்கொள்ளலாம். அது அவருடைய உழைப்பு.

அடுத்த வேலைக்கு எழுத உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு: பதினைந்து பையர் பெயர்களை அடுக்காதீர்கள். விலையை எழுதாதீர்கள், அது பழைய முதலாளியின் ரகசியம். ஒரே ஓர் ஆர்டரை, பீஸ், கலர், நாள், இடையில் வந்த சிக்கல், கடைசியில் கப்பலேறிய எண்ணிக்கை என்று முழுதாக எழுதுங்கள்.