பதினொன்றில் தொடங்கும் புத்தகம்

பதிற்றுப்பத்தைப் புரட்டிய மார்சிலிங் நண்பர் கேட்டார்: “என்னங்க, முதல் பாட்டுக்கே 11-னு போட்டிருக்கு? பக்கம் கிழிஞ்சிருச்சா?”

கிழியலை. சேர அரசர் பத்துப் பேரைப் பத்துப் புலவர்கள் பாடிய நூறு பாட்டைக் கேட்டு வரும் வாசகருக்கு, 1904-இல் உ.வே.சாமிநாதையரால் தர முடிந்தது எண்பதுதான். முதல் பத்தும் பத்தாம் பத்தும் அவருக்குக் கிடைத்த சுவடிகளில் இல்லை. இருப்பதை 1 முதல் 80 வரை எண்ணியிருந்தா நூல் முழுசாத் தெரிஞ்சிருக்கும், தொலைந்தது கண்ணிலேயே பட்டிருக்காது. இங்கே இமயவரம்பனைக் குமட்டூர்க் கண்ணனார் பாடியது இரண்டாம் பத்தாகவே நிற்கிறது. வரிசை 90-இல் முடிகிறது.

தொலைந்த பத்துகளைச் சேர்ந்தவையாகக் கருதப்படும் சில பாடல்கள் தொல்காப்பிய உரையிலும் புறத்திரட்டிலும் அகப்பட்டன. எது எந்தப் பத்து என்பதற்குச் சான்று போதாது. அதனால அவை வரிசைக்குள்ள நுழையாம, தனியா நிக்குது. இந்தக் கறார்தான் எனக்குப் பிடிக்கும்.

முதல் பத்தின் தலைவன் யார்? இரண்டாம் பத்தின் பதிகம் இமயவரம்பனின் தந்தையை உதியஞ்சேரல் என்கிறது. அவனாக இருக்கலாம்னு அறிஞர்கள் ஊகிக்கிறார்கள். நியாயமான ஊகம்தான். ஆனா அதை வைத்து ஒரு வரியைக்கூட மீட்க முடியாது.